0.1 மோலார் காப்பர் சல்பேட்: நீலப் படிகத்தை எடைபோடும் முன்

25 மி.லி. காப்பர் சல்பேட் கரைசலைத் தயோசல்பேட்டால் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பியூரெட் 16 மி.லி.யில் நின்றுவிட்டது. 25-க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். முதலாமாண்டு மாணவி மூன்று முறை செய்து பார்த்துவிட்டாள்: 16, 16, 15.9. "அண்ணா, தயோசல்பேட் கெட்டுப்போச்சு போல இருக்கு" என்றாள்.

நான் தயோசல்பேட் புட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "துத்தம் எவ்வளவும்மா எடுத்தே?" என்று கேட்டேன். "3.99 கிராம்ங்கண்ணா. 250 மில்லிக்கு." அவ்வளவுதான், விஷயம் தெரிந்துவிட்டது. அவள் எடைபோட்டது துத்தம், அதாவது காப்பர் சல்பேட்டின் நீலப் படிகம். கணக்குப் போட்டதோ தண்ணீர் இல்லாத வெள்ளைப் பொடிக்கு.

சேலத்தில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பல வருடமாகக் கரைசல் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. காப்பர் சல்பேட்டில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில்தான் நடக்கிறது: படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. மீதிப் பாதி, சேர்த்த பிறகும் அந்தத் தண்ணீர் உண்மையிலேயே முழுசாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது. இரண்டாவதுதான் கொஞ்சம் நுணுக்கமானது, அதற்கே இங்கே அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

எந்த எண்ணைப் பயன்படுத்துவது

கடையில் மயில்துத்தம் என்று வாங்கும் நீலக் கல்லின் வாய்பாடு CuSO4·5H2O. ஒவ்வொரு காப்பர் சல்பேட் அலகோடும் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் படிகத்தின் அமைப்பிலேயே கட்டுண்டு கிடக்கின்றன. இதைத்தான் படிக நீர் என்கிறோம். கல்லைத் தொட்டால் ஈரம் தெரியாது, பொடித்தாலும் தெரியாது. ஆனால் தராசுக்குத் தெரியும்.

தாமிரம் 63.55, கந்தகம் 32.06, நான்கு ஆக்சிஜன் 64.00. கூட்டினால் 159.61. இது தண்ணீர் இல்லாத உப்பின் மோலார் நிறை. தண்ணீர் ஒன்றுக்கு 18.015, ஐந்துக்கு 90.08. இரண்டையும் சேர்த்தால் ஒரு மோல் நீலப் படிகம் 249.68 கிராம். அதாவது நீங்கள் எடைபோடும் ஒவ்வொரு 100 கிராமிலும் 36 கிராம் வெறும் தண்ணீர்.

250 மி.லி.யில் 0.1 மோலார் வேண்டுமென்றால் தேவைப்படுவது 0.025 மோல். 0.025-ஐ 249.68-ஆல் பெருக்கினால் 6.242 கிராம். எங்கள் மாணவி 159.61-ஆல் பெருக்கி 3.990 எடுத்தாள். அந்த 3.990 கிராம் நீலப் படிகத்தில் இருந்தது 0.016 மோல்தான். கரைசல் 0.1-க்குப் பதில் 0.064 மோலார் ஆகிவிட்டது. பியூரெட் 16 மி.லி.யில் நின்றதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. 25-க்குப் பதில் 16 என்று எப்போது வந்தாலும் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். 159.61-ஐ 249.68-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.64-தான் அங்கே எட்டிப் பார்க்கிறது.

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றேதான் வரும்: "அப்போ படிகத்துல இருக்கற தண்ணி கரைசல்ல கலந்துடுமே, அதை 250-ல கழிக்கணுமா?" வேண்டாம். 6.242 கிராம் படிகத்திலிருந்து சுமார் 2.25 கிராம் தண்ணீர் கரைசலில் சேர்வது உண்மைதான். ஆனால் மோலார் செறிவு என்பது கரைசலின் மொத்தக் கொள்ளளவை வைத்துச் சொல்வது. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கின் கோடு வரை நிரப்பும்போது அந்த 2.25 கிராமும் தானாக அதற்குள் அடங்கிவிடும். பீக்கரில் 250 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றி அதில் படிகத்தைப் போடுகிறவர்களுக்குத்தான் இது பிரச்சினை. அந்த வழியில் செய்யாதீர்கள்.

எந்தத் துத்தம், எந்தத் தண்ணீர்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் மயில்துத்தத்தை மூட்டையாக வாங்குவார்கள். 200 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று போர்டோ கலவை செய்து காப்பி இலையின் துரு நோய்க்குத் தெளிப்பார்கள். அந்தத் துத்தம் பூச்சிமருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆய்வகத்துக்கு வாங்கி வந்தால் மோலார் கணக்கு நிற்காது. அதில் இரும்பு சல்பேட்டும் மண்ணும் கலந்திருக்கலாம். கரைத்தால் அடியில் பழுப்பு வண்டல் தங்கும், நீலத்தில் லேசான பச்சை ஓடும். தோட்டத்துக்கு அது போதும். நமக்குப் பகுப்பாய்வுக்கென்றே விற்கும் ஏ.ஆர். தரப் புட்டி வேண்டும். சாதாரண ஆய்வக வேலைக்கான எல்.ஆர். தரத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

புட்டியின் லேபிளில் இரண்டு இடத்தைப் படியுங்கள். ஒன்று, வாய்பாடு. நீரற்ற காப்பர் சல்பேட்டும் அதே பெயரில், அதே மாதிரிப் புட்டியில் வரும். அதில் 5H2O இருக்காது, உள்ளே வெள்ளை அல்லது சாம்பல் வெள்ளைப் பொடி இருக்கும். அதற்கு 159.61-தான் சரியான எண். இரண்டாவது, தூய்மைச் சதவீதம். 99 என்று போட்டிருந்தால் 6.242-ஐ 0.99-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 6.305 கிராம் வரும். சில புட்டிகளில் 98 முதல் 102 சதவீதம் என்று இருக்கும். அது என்ன 100-க்கு மேல் தூய்மை என்று நானும் ஆரம்பத்தில் குழம்பியிருக்கிறேன். படிக நீரில் கொஞ்சம் வெளியேறியிருந்தால் ஒரே எடைக்குள் தாமிரம் அதிகமாக இருக்கும். ஐந்து தண்ணீர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை 100-ஐத் தாண்டும். அவ்வளவுதான். இந்த விஷயத்துக்குக் கீழே திரும்ப வருகிறேன்.

தண்ணீர் கண்டிப்பாகக் காய்ச்சி வடித்தது, இல்லையென்றால் அயனி நீக்கியது. பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் தண்ணீர் பல பள்ளிகளில் புழங்குகிறது, நல்ல கடையில் வாங்கினால் பரவாயில்லை. போர் தண்ணீரில் மட்டும் கரைக்காதீர்கள். அதில் இருக்கும் பைகார்பனேட், காப்பரை வெளிர் நீலப்பச்சைக் கலங்கலாக வீழ்த்திவிடும். அப்படிக் கீழே போனது கரைசலின் கணக்கில் இல்லாத தாமிரம். நல்ல தண்ணீரிலும் நாள்பட வைத்திருந்தால் லேசாகக் கலங்குவதுண்டு. அதற்குத்தான் கரைக்கும்போதே நீர்த்த கந்தக அமிலம் இரண்டு மூன்று துளி விடுகிறோம்.

கல்லைக் கண்ணால் படிப்பது

இனிதான் முக்கியமான இடம். புட்டியைத் திறந்ததும் கரண்டியை விடாமல், ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள்.

நல்ல படிகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், அடர் நீலமாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். தாளில் உருட்டினால் ஒட்டாமல் உருளும். இப்படி இருந்தால் 249.68-ஐ நம்பலாம்.

மேலே மாவு பூசினது மாதிரி வெளுத்து, மங்கின வெளிர் நீலமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அறை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் ஐந்து தண்ணீரில் இரண்டை இந்தப் படிகம் மெல்ல விட ஆரம்பிக்கும். வெயில் ஏற ஏற அந்த எல்லை இன்னும் கொஞ்சம் மேலே வரும். சேலத்தில் ஏப்ரல் மத்தியானக் காற்று அவ்வளவு வறண்டு போவதுண்டு. மூடியைச் சரியாகத் திருகாமல் கோடை விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போன ஆய்வகத்தில், ஜூனில் திறக்கும்போது புட்டியின் மேல் அடுக்கு வெளுத்திருக்கும். கீழே தோண்டினால் பழைய நீலம் இருக்கும். அவசரத்துக்கு அந்த அடி நீலத்தைப் பொறுக்கி எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஏற்காட்டில் கதையே வேறு. மலை ஏறினால் 1500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வரும். அங்கே பள்ளியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "எங்க துத்தம் எப்பவும் கசகசன்னு இருக்கு, கரண்டியில ஒட்டுது" என்பார். காற்று நீராவியால் நிறைந்து போகும் நாளில் படிகத்தின் மேல்பரப்பு ஈரமாகிவிடும். இது படிக நீரில் சேராத, வெளியே ஒட்டிய தண்ணீர். இதையும் சேர்த்து எடைபோட்டால் கரைசல் நீர்த்துப் போகும். சேலத்துக் கல் கரைசலைக் கெட்டியாக்குகிறது, ஏற்காட்டுக் கல் அதையே நீர்க்க வைக்கிறது. ஒரே கம்பெனிப் புட்டியாகவும் இருக்கலாம்.

ஈரத்துக்கு வைத்தியம் எளிது. படிகத்தை ஒரு கல்வத்தில் கடுகு அளவுக்கு உடைத்து, இரண்டு வடிதாள்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். தாளை மாற்றி மாற்றி, புதுத் தாளில் ஒட்டாமல் போகும் வரை அழுத்தினால் போதும். நைசாக மாவு மாதிரி அரைக்க வேண்டாம்.

ஓவனில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சோடியம் கார்பனேட்டைக் காயவைக்கிற பழக்கத்தில் துத்தத்தையும் 110 டிகிரியில் ஓர் இரவு வைத்துவிட்டார். காலையில் எடுத்தால் வெளிறிய நீல வெள்ளைப் பொடி. ஐந்து தண்ணீரில் நான்கு போய்விட்டது. மிஞ்சியது CuSO4·H2O, மோலார் நிறை 177.62. அதை 6.242 கிராம் எடுத்துக் கரைத்தால் 0.1-க்குப் பதில் 0.14 மோலார் வரும். கரைந்தவுடன் பழைய நீலமே திரும்பிவிடுவதால் கரைசலைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. டெசிக்கேட்டரிலும் இதே கதைதான், மெதுவாக நடக்கும். சிலிகா ஜெல் போட்ட டெசிக்கேட்டர் நீலப் படிகத்தைப் பாதுகாக்கும் இடமில்லை. இறுக்கமாக மூடிய புட்டியே போதும்.

சந்தேகம் வந்தால் சுட்டுப் பாருங்கள்

கண் சொல்வது உத்தேசம். சரியான எண் வேண்டுமென்றால் ஒரு சிட்டிகைப் படிகத்தைச் சுட்டுத் தண்ணீரை விரட்டி, எவ்வளவு போனது என்று எடைபோட வேண்டும். ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு எந்தப் புட்டியையும், வெளுத்ததோ நனைந்ததோ, பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

பீங்கான் க்ரூசிபிளை மூடியோடு சூடாக்கி, டெசிக்கேட்டரில் ஆறவிட்டு எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடைத்த படிகம் சரியாக 2 கிராம் சேருங்கள். பெரிய கல்லாகப் போட்டால் சூட்டில் படபடவென்று வெடித்துத் தெறிக்கும், அதனால்தான் உடைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மூடியைக் கொஞ்சம் ஒருக்களித்து வைத்து, புன்சன் பர்னரின் சிறு தீயில் ஆரம்பியுங்கள். முதலில் நீலம் வெளிறும், மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும். கடைசித் தண்ணீர் மூலக்கூறு மற்ற நான்கைவிடப் பிடிவாதமானது. அது 200 டிகிரிக்கு மேல்தான் போகும். ஆகவே தீயைக் கொஞ்சம் கூட்டி, நீலச் சாயல் துளியும் இல்லாத சாம்பல் வெள்ளை வரும் வரை விடுங்கள். அதற்காக க்ரூசிபிள் சிவக்கிற வரை சுடக்கூடாது. கரும்புள்ளி தெரிந்தாலோ மூக்கைச் சுருக்க வைக்கும் புகை வந்தாலோ, சல்பேட்டே உடைந்து காப்பர் ஆக்சைடாக மாறுகிறது என்று அர்த்தம். அந்த மாதிரியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள்.

சுட்டதை மூடியோடு டெசிக்கேட்டரில் ஆறவிடுங்கள். இந்த இடத்தில் டெசிக்கேட்டர் வேண்டும், ஏனென்றால் இப்போது உள்ளே இருப்பது தண்ணீருக்குத் தவிக்கும் பொடி. பனிமூட்டமான நாளில் மேசையில் திறந்து வைத்தால் ஓரம் மறுபடி நீலமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எடைபோட்டு, இன்னொரு முறை ஐந்து நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி எடை பாருங்கள். இரண்டு எடையும் இரண்டு மூன்று மில்லிகிராமுக்குள் ஒத்துப்போனால் தண்ணீர் முழுசும் போய்விட்டது.

தூய, முழுமையான படிகம் என்றால் 2.000 கிராமில் 0.722 போய் 1.278 மிஞ்ச வேண்டும். ஜூன் மாதம் நான் திறந்த அந்த வெளுத்த புட்டியில் எனக்கு வந்த கணக்கைத் தருகிறேன்.

எடுத்தது 2.000 கிராம். சுட்டபின் மிஞ்சியது 1.299 கிராம். இழப்பு 0.701. அதாவது அந்தக் கல்லில் உண்மையான CuSO4 64.95 சதவீதம். முழுப் படிகமாக இருந்தால் 63.92 இருந்திருக்கும். மோல் கணக்கில் பார்த்தால் ஒரு CuSO4-க்கு ஐந்துக்குப் பதில் சராசரியாக 4.78 தண்ணீர் இருந்தது.

இப்போது எடையைத் திருத்துவது சுலபம். 250 மி.லி., 0.1 மோலாருக்கு நீரற்ற கணக்கில் வேண்டியது 0.025 × 159.61 = 3.990 கிராம். 3.990-ஐ 0.6495-ஆல் வகுத்தால் 6.143. ஆக, இந்தப் புட்டியிலிருந்து 6.242-க்குப் பதில் 6.143 கிராம் எடுக்க வேண்டும். தெரியாமல் 6.242 எடுத்திருந்தால் 0.1016 மோலார் ஆகியிருக்கும், 1.6 சதவீதம் அதிகம். கண்ணுக்குப் பாதி வெளுத்தது மாதிரி தெரிந்த கல்லில் பிழை இவ்வளவுதானா என்றால், ஆமாம். வெளுப்பு பெரும்பாலும் தோல் அளவில்தான் இருக்கும். செய்முறைத் தேர்வுக்கு இந்த 1.6 உறுத்தும், போர்டோ கலவைக்கு உறுத்தாது.

ஈரக் கல்லுக்கும் இதே வழிதான். அங்கே இழப்பு 0.722-ஐத் தாண்டும், மிஞ்சுவது 1.278-க்குக் கீழே இருக்கும், எடுக்க வேண்டிய எடை 6.242-ஐவிடக் கூடும். ஆனால் ஈரம் மணிக்கு மணி மாறக்கூடியது என்பதால், சுடும் மாதிரியையும் கரைக்கப்போகும் படிகத்தையும் அடுத்தடுத்து ஒரே நேரத்தில் எடைபோடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு எல்லையும் உண்டு: தண்ணீர் தவிர மற்றதெல்லாம் CuSO4 என்று அது எடுத்துக்கொள்கிறது. இரும்பு கலந்த தோட்டத்துத் துத்தத்தை இப்படிச் சுட்டுப் பார்த்துப் பயனில்லை.

கரைப்பது

தராசு 0.001 கிராம் வரை காட்டினால் நல்லது. 0.01 காட்டும் தராசு என்றாலும் 6 கிராமுக்கு மேல் எடைபோடுவதால் பிழை 0.16 சதவீதம்தான் வரும். எடைபோடும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

6.242-ஐத் துல்லியமாகப் பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு துணுக்காகக் கிள்ளிப் போட்டு அரைமணி நேரம் போக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. சுமாராக 6.2, 6.3 எடுத்து, வந்த எடையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 6.317 வந்தால் 6.317-ஐ 249.68-ஆல் வகுத்து, 0.25-ஆல் வகுத்தால் 0.1012 மோலார். கரைசலின் செறிவு நான்கு இலக்கத்தில் தெரிந்திருப்பதுதான் முக்கியம், அது 0.1000-ஆகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாட்ச் கிளாசில் எடைபோட்டுப் பீக்கரில் கொட்டிய பிறகு, வெறும் வாட்ச் கிளாசையும் எடைபோட்டு வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள். ஓரத்தில் ஒட்டிய துணுக்கு அப்போது பிரச்சினை இல்லை.

பீக்கரில் சுமார் 100 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீர், நீர்த்த கந்தக அமிலம் இரண்டு மூன்று துளி. கண்ணாடிக் கம்பியால் கலக்குங்கள். படிகம் அடியில் உட்கார்ந்து கொஞ்சம் சோம்பலாகத்தான் கரையும். வெதுவெதுப்பாக்கினால் சீக்கிரம் கரையும், ஆனால் ஃபிளாஸ்க்குக்கு மாற்றும் முன் அறை வெப்பத்துக்கு ஆற வேண்டும். இரும்புக் கரண்டியோ ஆணியோ கரைசலைத் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் செம்பு படிந்து இரும்பு கரைசலுக்குள் போய்விடும். தோட்டத்தில் போர்டோ கலவைக்கு இரும்பு டிரம் ஆகாது, பிளாஸ்டிக் டிரம்தான் என்று சொல்வதும் இதனால்தான்.

250 மி.லி. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கில் புனல் வைத்து, கம்பி வழியாக வழியவிட்டு ஊற்றுங்கள். பீக்கர், கம்பி, புனல் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீரால் மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரையும் ஃபிளாஸ்க்கில் சேருங்கள். மூன்றாவது அலசல் நிறமில்லாமல் இருக்க வேண்டும், நீலம் தெரிந்தால் நான்காவதும் அலசுங்கள். இந்த ஒரு விஷயத்தில் துத்தம் நமக்கு நல்லது செய்கிறது. சோடியம் கார்பனேட் மாதிரி நிறமில்லாத உப்பில், விட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது.

முக்கால் அளவு வந்ததும் ஒரு சுழற்று சுழற்றிக் கலந்துவிட்டு, கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். அதற்கு மேல் துளிக்குழாய்தான். கோட்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வளைவின் அடி கோட்டைத் தொடும்படி நிறுத்துங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய முடியாது. உறிஞ்சும் தண்ணீரோடு துத்தமும் போய்விடும், திரும்ப முதலிலிருந்துதான். மூடியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக்கி நிமிர்த்துவதை 15, 20 முறை செய்யுங்கள். கழுத்தில் வெளிர் நீலமும் வயிற்றில் அடர் நீலமுமாக இருந்தால் இன்னும் கலக்கவில்லை.

ஃபிளாஸ்க்கின் வயிற்றில் 20 அல்லது 27 டிகிரி என்று அச்சடித்திருக்கும். கோடு அந்த வெப்பநிலைக்குத்தான் சரி. 37 டிகிரியில் கோடு வரை நிரப்பியதை 27 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அளவு 0.3 சதவீதம் சுருங்கும், செறிவு அதே அளவு ஏறும். ஏற்காட்டில் 17 டிகிரியில் தயாரித்த 0.1000 மோலார் புட்டியை 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி சேலத்தில் 37 டிகிரியில் திறந்தால் 0.0995-க்குப் பக்கத்தில் இருக்கும். அரை சதவீதம் உங்களுக்கு முக்கியமென்றால் தயாரித்த வெப்பநிலையையும் லேபிளில் எழுதுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

25 மி.லி.யைப் பிப்பெட்டில் எடுத்து கோனிக்கல் ஃபிளாஸ்க்கில் விடுங்கள். அமிலத் துளி சேர்த்திருப்பதால் நீர்த்த சோடியம் கார்பனேட்டைத் துளித்துளியாக விட்டு லேசாகக் கலங்கியதும் நிறுத்தி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் கலங்கலைக் கரையுங்கள். பிறகு 10 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு 10 மி.லி. உடனே மண்நிறமாகும். வெள்ளைக் காப்பர் அயோடைடு வீழ்படிவாகி, அயோடின் வெளிவருகிறது. 0.1 மோலார் தயோசல்பேட்டால் வெளிர் மஞ்சள் வரை இறக்கி, அப்போதுதான் ஸ்டார்ச் சேர்த்து, நீலக்கறுப்பு மறைந்து பால் வெள்ளை வரும் துளியில் நிறுத்துங்கள். நின்ற சில விநாடியில் லேசாக நீலம் திரும்புவது வீழ்படிவு பிடித்து வைத்திருந்த அயோடின், இன்னொரு துளி கேட்கும்.

இங்கே கணக்கு எளிமையானது: ஒரு காப்பருக்கு ஒரு தயோசல்பேட். தயோசல்பேட் சரியாக 0.1000 என்றால், 25 மி.லி.க்கு 25.0 வந்தால் உங்கள் கரைசல் 0.1000. திருத்தாத வெளுத்த கல் என்றால் 25.4 வரும். 35 வந்தால் யாரோ ஓவனில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தயோசல்பேட்டையும் அதே வாரத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டால் சரிபார்த்திருக்க வேண்டும். அதன் படிகத்திலும் ஐந்து தண்ணீர் உண்டு, அதுவும் வறண்ட காற்றில் வெளுக்கும். மாணவி முதலில் தயோசல்பேட்டைச் சந்தேகப்பட்டதும் அப்படியொன்றும் தப்பில்லை.

லேபிளில் "0.1 M CuSO4" என்று மட்டும் எழுதி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். எங்கள் அலமாரியில் இப்போது இருக்கும் லேபிள் இப்படி இருக்கும்: CuSO4 0.1012 M, எடை 6.317 கிராம் (5H2O), 250 மி.லி., 31 டிகிரி, தேதி, கையெழுத்து. அடுத்து எடுக்கிறவர் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க அது போதும்.

மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். நீர்த்த அளவிலும் காப்பர் மீனைக் கொல்லும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, துரு நீக்கிய பழைய ஆணிகளையோ இரும்புச் சுருளையோ போட்டு இரண்டு நாள் விடுங்கள். ஆணி சிவந்து, நீலம் மங்கி, கரைசல் வெளிர் பச்சையானதும் அடியில் செம்புத்தூள் படிந்திருக்கும். மேலே தெளிந்ததில் கொஞ்சம் எடுத்து அம்மோனியா விட்டுப் பாருங்கள். அழுக்குப் பச்சையாக இரும்பு வீழ்படிவாகும், அது இருக்கட்டும். அதை அடங்கவிட்டு மேலே நிற்கும் நீரில் அடர் நீலம் தெரிந்தால் காப்பர் இன்னும் இருக்கிறது, வாளியில் இன்னும் நாலு ஆணி போடுங்கள்.